முதல் ஊசி எத்தனை மணிக்கு? தண்டுவட நீர் அறிக்கையைப் படிக்கத் தொடங்குவோருக்கு

பாம்பன், தங்கச்சிமடம், தேவிபட்டினம், கீழக்கரை, வாலிநோக்கம் என்று நீளும் எங்கள் கரையில் காய்ச்சலும் தலைவலியும் வந்தவர் நேராக மருத்துவமனைக்கு வருவதில்லை. முதலில் மருந்துக்கடை. மறுநாள் பக்கத்துக் கிளினிக்கில் ஓர் ஊசி. மூன்றாம் நாள் பேச்சு குழறத் தொடங்கிய பிறகுதான் ஆட்டோவில் ஏற்றுகிறார்கள். எங்களிடம் வந்து சேரும்போது அவர் உடம்பில் ஏதோ ஒரு ஆன்டிபயாட்டிக் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும்.

பாக்டீரியா மூளையுறை அழற்சி என்றால் தண்டுவட நீர் இப்படி, வைரஸ் என்றால் அப்படி என்று பாடப்புத்தகத்தில் இருக்கும் அட்டவணை, எந்த மருந்தும் படாத நோயாளியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அதை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு இங்கே இரவுப் பணிக்கு வரும் பயிற்சி மருத்துவர்களுக்கும், ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தொழில்நுட்பர்களுக்கும் இதை எழுதுகிறேன். மருந்து பட்ட நோயாளியின் தண்டுவட நீரைப் படிப்பதுதான் இங்கே அன்றாட வேலை. பாதி மருந்து பட்ட பாக்டீரியா நோய், தாளில் வைரஸ் போலவே தோற்றம் தரும். அந்தத் தோற்றத்தை நம்பி மருந்தை நிறுத்தினால் ஆள் இறந்துபோவார், அல்லது காது கேளாமல் வீடு திரும்புவார்.

பெயர்க் குழப்பம்

தமிழில் எல்லாவற்றையும் மூளைக்காய்ச்சல் என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். படுக்கையருகே நிற்கும்போது இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மூளையைச் சுற்றியிருக்கும் உறை அழன்றால் மூளையுறை அழற்சி: காய்ச்சல், தலைவலி, பின்கழுத்து விறைப்பு, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை. மூளையின் சதையே அழன்றால் மூளை அழற்சி: ஆளே மாறிப்போவார், சம்பந்தமில்லாமல் பேசுவார், வலிப்பு வரும், ஒரு பக்கம் தளரும். உறை அழற்சி பெரும்பாலும் பாக்டீரியாவாலோ வைரஸாலோ வருகிறது. மூளை அழற்சியில் வைரஸ்தான் முன்னால் நிற்கிறது. இரண்டும் கலந்தும் வரும். பாக்டீரியா உறை அழற்சி முற்றிய நிலையிலும் ஆள் உளறுவார் என்பதால், நினைவு தடுமாறுகிறது என்ற ஒன்றை மட்டும் வைத்து வைரஸ் என்று முடிவு கட்டாதீர்கள்.

தண்டுவட நீர் ஏன் மாறுகிறது என்பது புரிந்துவிட்டால் எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பாக்டீரியா அந்த நீரிலேயே பெருகுகிறது. அதை விழுங்க ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில்கள் ஆயிரக்கணக்கில் பாய்கின்றன, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள தடுப்பு ஓட்டையாகிறது, அதன் வழியே புரதம் கசிகிறது. சர்க்கரையை உள்ளே கடத்தும் வேலை தடைப்படுகிறது. உள்ளே இருக்கும் சர்க்கரையும் ஆக்சிஜன் போதாத திசுக்களில் எரிந்து லாக்டேட்டாகிறது. ஆகவே சர்க்கரை இறங்கும், லாக்டேட் ஏறும். வைரஸோ செல்களுக்குள் ஒளிந்து வாழ்வது. அதைத் தேடி வருபவை லிம்போசைட்டுகள். தடுப்பு கொஞ்சம்தான் கசியும், சர்க்கரை பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

ஊசி குத்துவதற்கு முன்

முதல் வேலை கேள்வி கேட்பது. 'மருந்து ஏதாவது சாப்பிட்டீர்களா?' என்று கேட்டால் 'ஒன்றும் இல்லை டாக்டர்' என்றுதான் பதில் வரும், ஏனென்றால் கடையில் வாங்கிய மாத்திரையை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. 'முதல் ஊசி எத்தனை மணிக்குப் போட்டார்கள்? மாத்திரை அட்டை பையில் இருக்கிறதா?' என்று கேளுங்கள். கேள்வியின் வடிவம் மாறியதும் பதிலும் மாறும். மணி வரைக்கும் கேட்பதற்குக் காரணம் உண்டு. சரியான மருந்து ரத்தக்குழாய் வழியே ஏறினால் மெனிஞ்சோகாக்கஸ் இரண்டு மணி நேரத்துக்குள் நீரிலிருந்து மறைந்துவிடலாம். நிமோகாக்கஸ் நான்கு மணி நேரத்திலிருந்து மறையத் தொடங்கும். அதற்குப் பிறகு வளர்ப்புச் சோதனையில் எதுவும் முளைக்காவிட்டால், பாக்டீரியா இல்லை என்று அதற்குப் பொருளில்லை. செல்களும் புரதமும் அவ்வளவு சீக்கிரம் மறையாது, நாள்கணக்கில் நிற்கும். சர்க்கரை மட்டும் ஒரு நாளுக்குள் மெல்ல மேலேறும்.

அடுத்தது கண்ணால் பார்ப்பது. காதுக்குள் வெளிச்சம் அடித்துச் சீழ் இருக்கிறதா என்று பாருங்கள். நிமோகாக்கஸ் வரும் பழைய வழி அது. தோலில் அழுத்தினாலும் மறையாத செம்புள்ளிகளைத் தேடுங்கள். கீழக்கரை, தொண்டிப் பக்கத்துக்காரர் என்றால் வீட்டில் யாராவது அண்மையில் உம்ரா போய் வந்தார்களா என்றும் கேளுங்கள். புனிதப் பயணிகளுக்கு மெனிஞ்சோகாக்கஸ் தடுப்பூசி கட்டாயம். ஆனால் ஊசி போட்டவர் தொண்டையில் கிருமியைச் சுமந்து வரவே மாட்டார் என்று உறுதி சொல்ல முடியாது.

பிறகு ரத்தம். வளர்ப்புச் சோதனைக்கு இரண்டு பாட்டில் எடுங்கள், அதே குத்தலில் சர்க்கரைக்கும் ஒரு குழாய் எடுத்துவிடுங்கள். அந்தக் குழாய் இல்லாமல் தண்டுவட நீரின் சர்க்கரையை யாராலும் படிக்க முடியாது. குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவதற்கு முன்பே அதை எடுக்க வேண்டும். ரத்தச் சர்க்கரை மாறிய பிறகு தண்டுவட நீர் அதைப் பின்தொடர இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றி அரை மணி கழித்து ரத்தம் எடுத்தால் விகிதம் பொய்யாகக் குறைந்து காட்டும்.

அடுத்த வரிசையில் தவறு நடப்பதை அடிக்கடி பார்க்கிறேன். பாக்டீரியா என்று சந்தேகம் வந்த நிமிடமே டெக்ஸாமெத்தசோன் 10 மில்லிகிராம், அதோடு சேர்த்தோ அடுத்தோ செஃப்ட்ரையாக்ஸோன் 2 கிராம், வான்கோமைசின். வயது 50 தாண்டியிருந்தாலோ, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் என்றாலோ லிஸ்டீரியாவுக்காக ஆம்பிசிலின் 2 கிராமும் சேரும். வலிப்பு, ஒரு பக்கத் தளர்ச்சி, கண்ணின் பின்திரையில் நரம்பு வீக்கம், ஆழ்ந்த மயக்கம் இவற்றில் ஏதாவது இருந்தால் சி.டி. எடுத்த பிறகுதான் முதுகில் ஊசி. ஆனால் மருந்து சி.டி.க்காகக் காத்திருக்கக் கூடாது. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் 55 கிலோமீட்டர், அங்கிருந்து மதுரை இன்னும் நூறுக்கு மேல். ஸ்கேன் எடுத்த இடத்தில் மருந்து ஆரம்பிக்கலாம் என்று அனுப்பிவைத்தால் அந்தப் பயணத்திலேயே மூளை வீங்கிவிடும். மருந்து போட்டுவிட்டு நீரை எடுத்தால் வளர்ப்புச் சோதனை கெட்டுவிடுமே என்று சிலர் தயங்குகிறார்கள். மருந்து ஏறி அரை மணிக்குள் எடுத்தால் பெரிதாக ஒன்றும் கெடாது. அப்படியே கெட்டாலும் ரத்தத்தில் எடுத்து வைத்த பாட்டில் கைகொடுக்கும்.

குழாயும் கடிகாரமும்

இடுப்பெலும்பின் இரண்டு முகடுகளையும் சேர்த்து ஒரு கோடு கற்பனை செய்தால் அது நான்காம் இடுப்பு முள்ளெலும்பின் மேல் போகும். அதற்கு மேலோ கீழோ உள்ள இடைவெளியில் குத்துங்கள். அழுத்தம் அளக்கும் குழாய் இருந்தால், ஆள் ஒருக்களித்துப் படுத்திருக்கும்போதே அளந்து எழுதுங்கள். 20 சென்டிமீட்டர் வரை இயல்பு. பாக்டீரியாவில் அது அநேகமாக 25ஐத் தாண்டும்.

நீரைக் குறைந்தது மூன்று குழாயில் பிடியுங்கள். முதலாவது சர்க்கரைக்கும் புரதத்துக்கும், இரண்டாவது கிராம் சாயத்துக்கும் வளர்ப்புக்கும், மூன்றாவது செல் எண்ணிக்கைக்கு. குத்தும்போது கசிந்த ரத்தம் கடைசிக் குழாயில்தான் குறைவாக இருக்கும் என்பதால் செல்லுக்குக் கடைசி. பி.சி.ஆர். தேவைப்படும் என்று தோன்றினால் நான்காவது குழாயையும் அப்போதே பிடித்துக் குளிரில் வையுங்கள். வளர்ப்புக்கான குழாயை மட்டும் குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது. மெனிஞ்சோகாக்கஸும் ஹீமோஃபிலஸும் குளிரில் செத்துப்போகும்.

நான் இளையவனாக ஒரு மருத்துவமனையில் இருந்தபோது நடந்தது இது. விடியற்காலை மூன்று மணிக்கு எடுத்த நீர், ஆய்வகத்தில் ஆள் இல்லாததால் செவிலியர் மேசையின் ஓரத்தில் காலை ஏழு வரை இருந்தது. பங்குனி மாதப் புழுக்கம். அறிக்கையில் செல்கள் 90, பாதிக்கு மேல் லிம்போசைட் என்று வந்தது. வைரஸ் என்று எழுதிவிட்டேன். மாலையில் அந்தப் பையனுக்கு வலிப்பு வந்தது. மறுபடி எடுத்த நீர் அரிசி கழுவிய தண்ணீர் போல இருந்தது, செல்கள் 1,800. காலையில் எண்ணியது நோயாளியின் செல்களை அல்ல, மேசையில் நான்கு மணி நேரம் கிடந்து தப்பிப் பிழைத்த செல்களை. நியூட்ரோஃபில் உடம்புக்கு வெளியே நிற்காது: அறை வெப்பத்தில் ஒரு மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கும், இரண்டு மணி நேரத்தில் பாதியும் உடைந்துபோகும். லிம்போசைட்டுகள் அவ்வளவு சீக்கிரம் உடைவதில்லை. ஆகவே தாமதமான குழாய் எப்போதும் வைரஸ் பக்கமாகவே பொய் சொல்லும். அந்தப் பையன் பிழைத்தான், ஒரு காது போய்விட்டது. அன்றிலிருந்து குழாயை நானே கையில் எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு நடக்கிறேன். எடுத்த மணியையும் எண்ணிய மணியையும் அறிக்கையில் எழுதச் சொல்கிறேன்.

ஆய்வகத்தில் இருப்பவர்களுக்கு: நீர் தெளிவாகத் தெரிந்தால் வேறு திரவம் எதுவும் சேர்க்காமலே நியூபாவர் கட்டக் கண்ணாடியில் ஏற்றுங்கள். ஐந்து நிமிடம் அசையாமல் வைத்தால் செல்கள் படியும். ஒன்பது பெரிய கட்டங்களிலும் எண்ணி 0.9ஆல் வகுத்தால் ஒரு மைக்ரோலிட்டருக்கு எத்தனை என்று வந்துவிடும். சிவப்பணு நிறைய இருந்தால் டர்க் திரவம் சேருங்கள். சிவப்பணுக்கள் கரைந்து வெள்ளையணுக்களின் கரு நீலமாகத் தெரியும். சேர்த்த அளவுக்குப் பெருக்க மறக்காதீர்கள். வகை பிரிப்பதைக் கட்டக் கண்ணாடியிலேயே ஊகித்து எழுதுவது பழைய கெட்ட வழக்கம். நீரைச் சுழற்றி, அடியில் படிந்ததைக் கண்ணாடியில் பூசி, லீஷ்மன் சாயம் போட்டு 100 செல் பார்த்து எழுதுங்கள். ஒருவருக்கு மருந்தை நிறுத்துவதா வேண்டாமா என்பது அந்தச் சதவீதத்தில் தொங்குகிறது.

தாளைப் படிக்கும் வரிசை

புதியவர்கள் முதலில் செல்லின் வகையைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறார்கள். நான் சர்க்கரையிலிருந்து தொடங்கச் சொல்வேன். தண்டுவட நீரின் சர்க்கரையை ரத்தச் சர்க்கரையால் வகுங்கள். இயல்பில் 0.6 அளவில் இருக்கும். 0.4க்குக் கீழே போனால் பாக்டீரியா என்று எண்ணி நடக்க வேண்டும். காசநோயும் பூஞ்சையும் அந்த இடத்தில் வரும், அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். இங்கே ஒரு எச்சரிக்கை. ரத்தச் சர்க்கரை மிக உயர்ந்திருக்கும்போது அதை உள்ளே கடத்தும் வாயில்கள் நிரம்பிவிடுவதால், நோயில்லாதவரிலும் விகிதம் குறைந்தே இருக்கும். அப்படிப்பட்டவரில் 0.3ஐ எல்லையாக வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து செல்கள். ஐந்து வரை இயல்பு. பாக்டீரியாவில் பெரும்பாலும் ஆயிரத்தைத் தாண்டும், அதில் நியூட்ரோஃபில் 80 சதவீதத்துக்கு மேல். வைரஸில் பத்திலிருந்து சில நூறு, பெரும்பாலும் லிம்போசைட். ஆனால் வைரஸ் நோயின் முதல் ஒரு நாள், ஒன்றரை நாளில் நியூட்ரோஃபில்தான் மிகுந்திருக்கும். லிஸ்டீரியாவிலும், மருந்து பட்ட பாக்டீரியாவிலும் லிம்போசைட் மிகுந்திருக்கலாம். வகையை மட்டும் நம்பினால் இரண்டு பக்கமும் வழுக்கும்.

புரதம் இயல்பில் 45 மில்லிகிராமுக்குள். வைரஸில் 100ஐத் தாண்டுவது அரிது, பாக்டீரியாவில் 100க்குக் கீழே நிற்பது அரிது. லாக்டேட் பார்க்கும் வசதி உங்கள் ஆய்வகத்தில் இருந்தால் கேளுங்கள். 3.5 மில்லிமோலுக்கு மேல் என்றால் பாக்டீரியா பக்கம் பலமாகச் சாயும். ரத்தச் சர்க்கரை எவ்வளவு இருந்தாலும் தண்டுவட நீரின் லாக்டேட் கலங்காது என்பது அதன் பெரிய பலம். மருந்து பட்ட பிறகு அதன் கூர்மையும் மழுங்கும். ஆகவே மருந்து பட்டவரில் உயர்ந்த லாக்டேட்டை நம்பலாம், இயல்பான லாக்டேட்டைக் கண்டு நிம்மதி அடையக் கூடாது.

கிராம் சாயத்தில் கிருமி தெரிந்தால் விவாதம் முடிந்தது. இரட்டை இரட்டையாக நீலம் என்றால் நிமோகாக்கஸ், செல்லுக்குள் காப்பிக்கொட்டை போல இரட்டைச் சிவப்பு என்றால் மெனிஞ்சோகாக்கஸ். பின்னதில் மட்டும் வீட்டாருக்கும், கூடவே உண்டு உறங்கியவர்களுக்கும் தடுப்பு மாத்திரை தர வேண்டும். 'ஒரே படகில்தானே போனோம், எங்களுக்கும் மாத்திரை வேண்டுமா?' என்று கூட்டாளிகள் வாசலில் வந்து நிற்பார்கள். நிமோகாக்கஸ் என்றால் வேண்டாம் என்று காரணத்தோடு சொல்லி அனுப்புங்கள். கிருமி தெரியாவிட்டால் அது எதையும் சொல்லவில்லை. மருந்து படாதவரிலேயே பத்தில் ஒன்றிரண்டு முதல் நான்கு பேர் வரை தெரியாமல் போகும், மருந்து பட்டவரில் இன்னும் அதிகம்.

ஒருவரின் தாள்

அடையாளங்களை மாற்றி எழுதுகிறேன். பாம்பன் பக்கத்து நாட்டுப்படகு மீனவர், 52 வயது, பத்து ஆண்டாகச் சர்க்கரை நோய். நள்ளிரவு தாண்டிக் கொண்டுவந்தார்கள். கூப்பிட்டால் கண் திறக்கிறார், கேட்டதற்குப் பாதிதான் பொருந்துகிறது. கழுத்து விறைத்திருந்தது. வலிப்பில்லை, கைகால் நான்கும் அசைந்தன, கண்ணின் பின்திரையும் தெளிவாக இருந்தது. மனைவியிடம் அதே கேள்வியைக் கேட்டேன்.

'முந்தாநாள் சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஊசி போட்டார்கள், ஐயா. இந்த மாத்திரை காலையும் ராத்திரியும்' என்று முந்தானை முடிச்சிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் கொடுத்தார். செஃபிக்ஸிம், பத்தில் மூன்று காலி. 'காது வலிக்கிறது என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கடல்தண்ணீர் போயிருக்கும் என்று எண்ணெய் காய்ச்சி விட்டோம்.' இடது காதில் எண்ணெயோடு சீழும் இருந்தது.

12.55க்கு ரத்தம், 1.10க்கு டெக்ஸாமெத்தசோனும் செஃப்ட்ரையாக்ஸோனும், தொடர்ந்து மற்ற இரண்டும். 1.40க்கு முதுகில் ஊசி. நீர் முதல் பார்வைக்குத் தெளிவுதான். குழாயை அச்சடித்த தாளின் முன்னே பிடித்தபோது எழுத்து ஓரங்கள் மங்கின. 200 செல் தாண்டினாலே அந்த மங்கல் வந்துவிடும். 2.10க்கு எண்ணினார்கள். ஒன்பது கட்டத்தில் 432, அதாவது மைக்ரோலிட்டருக்கு 480. நியூட்ரோஃபில் 62, லிம்போசைட் 38 சதவீதம். புரதம் 168. சர்க்கரை 74. கிராம் சாயத்தில் ஒன்றும் இல்லை.

இரவுப் பணியிலிருந்த பயிற்சி மருத்துவர், நல்ல உழைப்பாளி, 'சார், சர்க்கரை 74, இயல்புதானே? செல்லும் ஆயிரம் இல்லை. வைரஸாக இருக்குமோ?' என்றார். தாளை மட்டும் பார்த்தால் அவர் சொன்னதில் குறையில்லை. ரத்தச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டேன். 286. எழுபத்து நான்கை அதால் வகுத்தால் 0.26. உயர்ந்த ரத்தச் சர்க்கரைக்காக எல்லையை 0.3க்கு இறக்கிவைத்த பிறகும் இது அதற்குக் கீழே. அந்த 74, இவருக்கு மிகக் குறைந்த சர்க்கரை. செல் ஏன் ஆயிரம் இல்லை, லிம்போசைட் ஏன் 38 என்பதற்கு அந்த மாத்திரை அட்டையே பதில். பாக்டீரியாவைக் குறைக்க அது போதும், குணமாக்கப் போதாது. புரதம் 168 வைரஸுக்கு அதிகம். லாக்டேட் பிறகு வந்தது: 6.1. எல்லா மருந்தும் தொடர்ந்தன. தண்டுவட நீரில் கடைசி வரை ஒன்றும் முளைக்கவில்லை. இரண்டாம் நாள் ரத்தப் பாட்டிலில் நிமோகாக்கஸ் முளைத்தது. காது மூக்குத் தொண்டை மருத்துவர் காதைச் சுத்தம் செய்தார். ஆறாம் நாள் அந்த மீனவர் என்னிடம் 'ஐயா, காற்று எப்படி?' என்று கேட்டார். கடலுக்குப் போகிறவர்கள் தெளிந்ததும் கேட்கும் கேள்வி அது.

மூளை அழற்சியின் தாள்

இது வேறு மாதிரி வரும். முப்பது தாண்டிய ஒரு பெண். மூன்று நாளாக இல்லாத வாசனை வருகிறது என்கிறார், ராத்திரியில் எழுந்து அழுகிறார், தன் பிள்ளையின் பெயர் தெரியவில்லை. லேசான காய்ச்சல் இருந்ததை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. மனம் கலங்கியது என்று எண்ணி ஏர்வாடிக்கு அழைத்துப் போனார்கள். தர்காவில் இருந்த ஒரு பெரியவர்தான் தொட்டுப் பார்த்து, 'உடம்பு சுடுகிறது, முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்' என்று அனுப்பியிருக்கிறார். அந்தப் பெரியவர் செய்ததைத்தான் நாமும் செய்ய வேண்டும்: சில நாளில் திடீரென்று குணம் மாறியவருக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று அளந்து பார்ப்பது.

சி.டி.யில் ஒன்றும் தெரியவில்லை. நீரில் செல்கள் 60, லிம்போசைட் 90 சதவீதம், புரதம் 78, சர்க்கரை 68, ரத்தத்தில் 110. விகிதம் 0.62. முதல் குழாயிலும் கடைசிக் குழாயிலும் சிவப்பணு 900 அளவில் சமமாக இருந்தது. குத்தியதில் வந்த ரத்தம் என்றால் கடைசிக் குழாயில் குறைந்திருக்கும். குறையாவிட்டால் அந்த ரத்தம் உள்ளேயிருந்து வந்தது. ஹெர்பிஸ் வைரஸ் மூளையின் பொட்டுப் பகுதியை அரித்து ரத்தம் கசியவைக்கும். சிவப்பணு இல்லாததால் ஹெர்பிஸ் இல்லை என்று மாற்றிச் சொல்ல முடியாது. இருந்தால் கைநீட்டிக் காட்டும், அவ்வளவே.

அசைக்ளோவிர் உடனே தொடங்கினோம். எடையில் ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம், எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் மெல்ல ஏற வேண்டும், கூடவே போதிய நீர். இந்த வெயிலில் மூன்று நாள் சரியாகத் தண்ணீர் குடிக்காமல் வந்தவருக்கு வேகமாக ஏற்றினால் மருந்து சிறுநீரகத்தில் படிகமாகிவிடும். கிரியாட்டினின் பார்த்துக்கொண்டே போங்கள். வெளியூருக்கு அனுப்பிய பி.சி.ஆர். 'இல்லை' என்று வந்தது. இந்த இடத்தில்தான் மருந்தை நிறுத்தும் தவறு நடக்கும். நோயின் முதல் மூன்று நாளில் ஹெர்பிஸ் பி.சி.ஆர். பொய்யாக 'இல்லை' காட்டுவது தெரிந்த செய்தி. எம்.ஆர்.ஐ.யில் இடது பொட்டுப் பகுதி வெளுத்திருந்தது. நான்கு நாள் கழித்து மறுபடி நீர் எடுத்தோம், 'இருக்கிறது' என்று வந்தது. 21 நாள் மருந்து. பிள்ளையின் பெயர் பத்தாம் நாள் நினைவுக்கு வந்தது.

இரண்டுக்கும் நடுவே நிற்பவை

செல் சில நூறு, பெரும்பாலும் லிம்போசைட், ஆனால் சர்க்கரை குறைவு, புரதம் அதிகம். இந்தச் சேர்க்கையை வைரஸ் என்று எழுதாதீர்கள். காய்ச்சல் வாரக்கணக்கில் இருந்திருந்தால் முதலில் காசநோய். குழாயை அசைக்காமல் வைத்தால் சிலந்திவலை போல ஒரு படலம் தெரியலாம். அதிக அளவு நீர், ஐந்து மில்லிக்கு மேல், சி.பி.நாட் சோதனைக்கு அனுப்புங்கள். அதில் 'இல்லை' என்று வந்தாலும் காசநோயை விலக்க முடியாது.

இன்னொன்று உண்ணிக்காய்ச்சல். விறகு வெட்டவோ கரிமூட்டத்துக்கோ ஆடு மேய்க்கவோ சீமைக்கருவேலங்காட்டுக்குள் போய்வருபவரா என்று கேளுங்கள். இதில் செல் லிம்போசைட்டாக இருக்கும், புரதம் ஓரளவு ஏறும், சர்க்கரை இயல்பாகவோ சற்றுக் குறைந்தோ இருக்கும். தாளை வைத்துப் பிரிக்கவே முடியாது, தோலை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். ஆடையை விலக்கி அக்குள், இடுப்புக்கயிறு படும் இடம், தொடையிடுக்கு, பெண்களுக்கு மார்பின் அடி என எல்லா மடிப்பிலும் சிகரெட்டால் சுட்டது போன்ற கருத்த புண்ணைத் தேடுங்கள். வலிக்காது என்பதால் நோயாளிக்கே தெரிந்திருக்காது. செஃப்ட்ரையாக்ஸோன் இந்தக் கிருமியைத் தொடாது, டாக்ஸிசைக்ளின் வேண்டும். சந்தேகம் இருந்தால் புண் தெரியாவிட்டாலும் சேர்த்துவிடுகிறேன்.

அரிதான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நீர் சீழ் போல இருக்கிறது, கிராம் சாயத்தில் கிருமி இல்லை, மருந்துக்கும் அசையவில்லை, ஆள் சில நாள் முன்பு ஊருணியிலோ கண்மாயிலோ முங்கிக் குளித்தவர் என்றால், குளிர்பெட்டிக்குப் போகாத ஒரு சொட்டை மூடுகண்ணாடி போட்டு உடனே நுண்ணோக்கியில் பாருங்கள். அமீபா நகர்வது கண்ணுக்குத் தெரியும்.

குத்தும்போது ரத்தம் கலந்துவிட்டால் 500 முதல் 1,000 சிவப்பணுவுக்கு ஒரு வெள்ளையணுவைக் கழித்துக்கொள்ளுங்கள். 4,000 சிவப்பணு இருந்தால் கழிப்பது நான்கிலிருந்து எட்டு வரைதான். 150 வெள்ளையணுவை ரத்தத்தின் தலையில் சுமத்த முடியாது.

இத்தனைக்குப் பிறகும் எந்தப் பக்கம் என்று தெரியாத தாள்கள் வரும். அப்போது இரண்டு மருந்தையும், அதாவது பாக்டீரியாவுக்கும் ஹெர்பிஸுக்கும், கொடுத்துக்கொண்டே 24 மணி நேரம் கழித்து மறுபடி நீர் எடுங்கள். வைரஸ் என்றால் நியூட்ரோஃபில் லிம்போசைட்டாக மாறியிருக்கும், சர்க்கரை அசையாமல் நிற்கும். ரத்த வளர்ப்பு 48 மணி நேரம் வெறுமையாக இருந்து, ஆளும் தெளிந்து, மருந்துக்கு முன்பு எடுத்த நீரும் வைரஸ் பக்கம் நின்றால்தான் ஆன்டிபயாட்டிக்கை நிறுத்துவேன். வெளியில் மருந்து வாங்கிச் சாப்பிட்டு வந்தவருக்கு அப்படி நிறுத்த எனக்கு மனம் வந்ததில்லை. முழு நாளும் கொடுத்து முடிப்பேன்.

மதுரைக்கு அனுப்ப நேர்ந்தால் கடிதத்தில் 'மூளைக்காய்ச்சல், மேல்சிகிச்சைக்கு' என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். பாம்பன் மீனவருக்கு எழுதியிருந்தால் இப்படி இருந்திருக்கும்: 'வெளியில் முதல் ஊசி முந்தாநாள் மாலை 5 மணி, மருந்து தெரியவில்லை, செஃபிக்ஸிம் மூன்று மாத்திரை. இங்கே ரத்த வளர்ப்பு 12.55, டெக்ஸாமெத்தசோன், செஃப்ட்ரையாக்ஸோன் 1.10. தண்டுவட நீர் எடுத்தது 1.40, எண்ணியது 2.10. செல் 480, நியூட்ரோஃபில் 62. புரதம் 168. சர்க்கரை 74, ரத்தத்தில் 286. இடது காதில் சீழ். ரத்த வளர்ப்பின் முடிவுக்கு இந்த எண்ணில் அழைக்கவும்.' ஓரத்தில் அந்த மாத்திரை அட்டையையும் ஊசியால் குத்தி வைத்துவிடுங்கள்.